அழியாமல் நிற்கும் பிரிண்ட்: ஸ்பூலர் ரீஸ்டார்ட் போதுமா, ஃபைலையே தூக்க வேண்டுமா?

பிரிண்ட் வரிசையில் ஒரு ஆவணம் மாட்டிக்கொள்கிறது. ரைட் கிளிக் செய்து Cancel கொடுக்கிறோம். பக்கத்தில் Deleting என்று வருகிறது, அதோடு சரி. போகவே மாட்டேன் என்கிறது. பின்னால் வந்த பிரிண்டுகள் எல்லாம் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

இந்த இடத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார் ஒருவர். கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்வார் இன்னொருவர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் ஸ்பூலர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வார். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர் ஸ்பூலர் ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் வழித்துப் போட்டுவிடுவார். பொறுமை இழந்தவர் பிரிண்டரையே நீக்கிவிட்டு டிரைவரைப் புதிதாகப் போடுவார். எல்லாமே ஏதோ ஒரு நாள் பலித்திருக்கும் என்பதால் அவரவர் வழியில் அவரவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

திருப்பூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கம் ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் நான். இந்த வழிகளுக்குள் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி: இதைச் செய்தால் வரிசையில் நிற்கும் மற்றவர்களின் பிரிண்ட் என்ன ஆகும்? ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் இந்தக் கேள்விக்கு வேலையில்லை. நாலு பேர் ஒரு பிரிண்டரைப் பகிரும் ஆபீஸில் இதுதான் முழு விஷயமும்.

ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீஸை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி கேபிளில் ஒரு லேசர் பிரிண்டர். அதை ஷேர் செய்து மெர்ச்சண்டைசர், பேக்கிங், ஸ்டோர் மூன்று இடத்திலிருந்தும் பிரிண்ட் கொடுக்கிறார்கள். டேலி டேட்டாவும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மற்றவர்கள் நெட்வொர்க் வழியாக அதைத் திறந்து வேலை செய்கிறார்கள். மாலை ஆறு மணி. சரக்கு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குக் கிளம்ப லாரி வாசலில் நிற்கிறது. வரிசையில் நான்கு பிரிண்ட்: முதலில் அமெரிக்க பையர் அனுப்பிய 48 பக்க ஆர்ட்வொர்க் பிடிஎஃப், அடுத்து இன்வாய்ஸ், அப்புறம் பேக்கிங் லிஸ்ட், கடைசியாக இ-வே பில். பேக்கிங் லிஸ்டைப் பிரிண்ட் கொடுத்த தம்பி, வந்திருக்கும் என்ற நினைப்பில் தன் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

“ஏனுங்கண்ணா, கேன்சல் குடுத்து அரை மணி நேரமாச்சுங்க. இன்னும் டெலீட்டிங்னே நிக்குதுங்க. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிப் போடட்டுங்களா?”

போடக் கூடாது. ஏன் என்று சொல்வதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நாம் பிரிண்ட் கொடுத்ததும் அது நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. பின்னணியில் ஓடும் Print Spooler என்ற சர்வீஸ் அதை வாங்கி ஹார்ட் டிஸ்கில் எழுதி வைக்கிறது. எழுதும் இடம் இது:

```
C:\Windows\System32\spool\PRINTERS
```

ஒவ்வொரு பிரிண்டுக்கும் பெரும்பாலும் இரண்டு ஃபைல்கள். 00041.SPL என்பது அச்சாக வேண்டிய டேட்டா, 00041.SHD என்பது அதைப் பற்றிய குறிப்பு. சரக்கோடு போகும் டிசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: யார் அனுப்பியது, எந்தப் பிரிண்டருக்கு, ஆவணத்தின் பெயர் என்ன என்பதெல்லாம் இந்த இரண்டாவது ஃபைலில் இருக்கும். சில கம்ப்யூட்டர்களில் பெயருக்கு முன்னால் FP என்று சேர்ந்திருக்கும். அதுவும் இதே வகைதான்.

ஸ்பூலர் அந்த டேட்டாவைத் துண்டு துண்டாகப் பிரிண்டருக்குத் தள்ளுகிறது. பிரிண்டர் வாங்கிக்கொள்ளாமல் நின்றுவிட்டால், தள்ளிக்கொண்டிருக்கும் அந்த வேலை பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நாம் Cancel கொடுத்தால், “இது அழிக்க வேண்டியது” என்ற குறி மட்டும்தான் விழும். தள்ளிக்கொண்டிருக்கும் வேலை கையை எடுத்த பிறகுதான் ஃபைல் உண்மையில் அழியும். கை எடுக்கப்படவில்லை என்றால் Deleting என்ற எழுத்தும் மாறாது. திரும்பத் திரும்ப Cancel கொடுப்பதில் பயனில்லை, குறி முதல் தடவையே விழுந்துவிட்டது.

ஆக, பிரிண்டர் ஏன் வாங்க மறுக்கிறது என்று பார்ப்பதுதான் செலவில்லாத முதல் வழி. எழுந்து போய்ப் பிரிண்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஆபீஸ்களில் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. அமெரிக்க பையரின் பிடிஎஃப் லெட்டர் அளவில் வருகிறது, 216 × 279 மில்லிமீட்டர். நம் டிரேயில் இருப்பது ஏ4, 210 × 297. பிரிண்டர் லெட்டர் பேப்பர் போடச் சொல்லி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். ஸ்க்ரீன் இல்லாத சின்ன பிரிண்டரில் அந்தச் சிமிட்டல் என்ன கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது. Cancel கொடுப்பதற்கு முன்பே போய் ஓகே பட்டனை அழுத்தியிருந்தால், பெரும்பாலான பிரிண்டர்கள் இருக்கிற பேப்பரிலேயே அடித்துத் தள்ளியிருக்கும்.

பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்வது பலிக்கும் நாட்களில் நடப்பதும் இதுதான். யுஎஸ்பி தொடர்பு அறுந்ததும், காத்திருந்த வேலைக்கு ஒரு பிழைச் செய்தியாவது போய்ச் சேர்கிறது. கை எடுக்கப்படுகிறது. குறி விழுந்த ஃபைல் அழிகிறது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம், மற்றவர்களின் பிரிண்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால் கேபிளைப் பிடுங்கினால் அதே ஓட்டையில் திரும்பச் செருகுங்கள். வேறு ஓட்டையில் செருகினால் சில பிரிண்டர்களை விண்டோஸ் புதுப் பிரிண்டராக நினைத்து, பெயருக்குப் பின்னால் Copy 1 என்று போட்டு இன்னொன்றை உருவாக்கிவிடும். பழைய வரிசை பழைய பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் எதில் பிரிண்ட் போகிறது, எதில் போகவில்லை என்று தனிக் குழப்பம்.

இன்னொன்றும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். பிரிண்ட் ஒழுங்காக வந்துவிட்டது, ஆனாலும் வரிசையில் பெயர் நிற்கிறது என்றால் அது மாட்டிக்கொண்டதே இல்லை. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் Advanced பக்கத்தில் Keep printed documents என்பதில் யாரோ டிக் வைத்திருப்பார்கள். டிக்கை எடுத்தால் தீர்ந்தது.

சரி, பிரிண்டரை ஆஃப் செய்தும் Deleting போகவில்லை. இப்போதுதான் ஸ்பூலர் பக்கம் வர வேண்டும். ஆனால் எந்தக் கம்ப்யூட்டரின் ஸ்பூலர்? இதில்தான் நிறைய நேரம் வீணாகிறது. நம் உதாரணத்தில் பிரிண்டர் ஷேர் செய்யப்பட்டிருக்கிறது. உண்மையான வரிசை, கேபிள் செருகியிருக்கும் கணக்குக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மெர்ச்சண்டைசர் தன் கம்ப்யூட்டரில் என்ன ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த ஃபைல் அசையாது. அவர் தன்னுடைய பிரிண்டைத் தானே கேன்சல் செய்யலாம்; அடுத்தவருடையதைக் கேன்சல் செய்ய வழக்கமாக அவருக்கு அனுமதி இருக்காது. அதற்கு Manage documents என்ற உரிமை வேண்டும்.

பிரிண்டர் நெட்வொர்க்கில் தனியாக இருந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதன் ஐபி எண்ணுக்கு நேராகப் பிரிண்ட் அனுப்பும் ஆபீஸ் என்றால் கதை தலைகீழ். அங்கே ஆளுக்கு ஒரு வரிசை. யாருடைய ஆவணம் மாட்டியிருக்கிறதோ அவருடைய கம்ப்யூட்டரில்தான் வேலை. எல்லோருக்குமே ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டால் ஸ்பூலர் மேல் சந்தேகப்பட வேண்டாம். கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி எண் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்குக் கம்ப்யூட்டருக்கே வருவோம். ஸ்பூலரை வெறுமனே ரீஸ்டார்ட் செய்வது சுலபம். `services.msc` திறந்து Print Spooler மேல் ரைட் கிளிக் செய்து Restart கொடுக்கலாம். அல்லது Run as administrator கொடுத்துத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் இப்படி:

```
net stop spooler
net start spooler
```

சாதாரணமாகத் திறந்திருந்தால் System error 5 என்று வரும், அனுமதி இல்லை என்று அர்த்தம். யாரோ பாதுகாப்புக்காக இந்தச் சர்வீஸை Disabled செய்து வைத்திருந்தால் System error 1058 வரும். 2021-ல் பிரிண்ட் ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது பல இடங்களில் அப்படி அணைத்து வைத்தார்கள், சில இடங்களில் திரும்பப் போட மறந்துவிட்டார்கள்.

இந்த வழியின் பலம், எதையும் தொலைக்காது என்பது. சர்வீஸ் நிற்கும்போது தள்ளிக்கொண்டிருந்த வேலையும் சேர்ந்து போய்விடுகிறது. திரும்ப ஓடத் தொடங்கும்போது ஸ்பூலர் அந்த ஃபோல்டரைப் பார்த்து, ஒவ்வொரு SHD ஃபைலாகப் படித்து வரிசையைத் திரும்பக் கட்டுகிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இ-வே பில் மூன்றும் பத்திரமாகத் திரும்பி வரும். அழிக்கும் குறி ஏற்கெனவே SHD-யில் எழுதப்பட்டிருந்தால் ஆர்ட்வொர்க் மட்டும் காணாமல் போயிருக்கும். வேண்டியது அதுதானே. பாதி நாள் இதிலேயே முடிந்துவிடும்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வரிசை ஃபைலிலிருந்து திரும்பக் கட்டப்படுவதால், குறி பதிவாகாத ஆவணமும் திரும்பி வந்து முதல் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அது மட்டுமில்லை, பாதியில் நின்ற ஆவணம் பொதுவாக முதல் பக்கத்திலிருந்தே மறுபடி அடிக்கத் தொடங்கும். 48-ல் 20 பக்கம் ஏற்கெனவே வந்திருந்தால் அந்த 20 பக்கமும் இரண்டாவது தடவை வரும். ஆர்ட்வொர்க் என்றால் பேப்பரும் டோனரும்தான் நஷ்டம். பார்கோடு ஸ்டிக்கர் ரோல் என்றால், ஒரே எண் இரண்டு பெட்டியில் ஒட்டப்பட்டு பையர் கிடங்கில் போய் நிற்கும். ஸ்டிக்கர் பிரிண்டரில் வெறும் ரீஸ்டார்ட் செய்வதாக இருந்தால், கடைசியாக வந்த எண் என்ன என்று குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வதை நான் இதற்கும் கீழேதான் வைப்பேன். ஸ்பூலரைப் பொறுத்தவரை அதில் கூடுதலாக எதுவும் நடப்பதில்லை. ஃபைல்கள் டிஸ்கில் அப்படியே இருக்கும், வரிசை அப்படியே திரும்பி வரும். ஆனால் நம் உதாரணத்தில் டேலி டேட்டா அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பாதி எழுதிய வவுச்சரோடு மூன்று பேர் வெளியே தள்ளப்படுவார்கள். ஸ்பூலரை நிறுத்தினால் டேலிக்கு அது நடந்ததே தெரியாது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஷட் டவுன் கொடுத்துவிட்டு ஆன் செய்வதை ரீஸ்டார்ட் என்று நினைக்கிறார்கள். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால், நம் லாகின் மட்டும்தான் மூடப்படும். சிஸ்டம் பகுதியும் அதன் சர்வீஸ்களும் டிஸ்கில் உறைய வைக்கப்பட்டு, ஆன் செய்யும்போது அப்படியே எழுப்பப்படும். மாட்டிக்கொண்ட ஸ்பூலரும் மாட்டிக்கொண்டபடியே எழும். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் போவலைங்க” என்று சொல்பவர்களில் பலர் இதைத்தான் செய்திருப்பார்கள். கம்ப்யூட்டரைத்தான் தொட வேண்டும் என்றால், மெனுவில் Restart என்று இருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெறும் ரீஸ்டார்ட்டில் ஆவணம் திரும்பி வந்துவிட்டது என்றால், மிச்சமிருப்பது ஃபைலில் கை வைப்பது. இதற்கென்று மூன்று வரி ஒன்று ஊர் முழுக்கச் சுற்றுகிறது. நிறைய ஆபீஸ்களில் டெஸ்க்டாப்பிலேயே ஒரு பேட்ச் ஃபைலாக வைத்திருக்கிறார்கள்:

```
net stop spooler
del /Q /F "%systemroot%\System32\spool\PRINTERS\*.*"
net start spooler
```

வேலை செய்வதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஃபைலே இல்லாவிட்டால் எதை வைத்து வரிசையைக் கட்டும்? ஆனால் அந்த நட்சத்திரக் குறிகள் யாரையும் பார்ப்பதில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லாப் பிரிண்டர்களுக்கும் பொதுவாக இது ஒரே ஃபோல்டர்தான். லேசரில் மாட்டிய ஆர்ட்வொர்க்கை அழிக்கப் போய், பக்கத்து டாட் மேட்ரிக்ஸில் அடித்துக்கொண்டிருந்ததும் போய்விடும். நம் உதாரணத்தில் இன்வாய்ஸை டேலியிலிருந்து மறுபடி எடுத்துவிடலாம், இ-வே பில்லைப் போர்ட்டலிலிருந்து எடுத்துவிடலாம். பேக்கிங் லிஸ்ட் அந்தத் தம்பி கம்ப்யூட்டரில் எக்செல்லில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆஃப், பாஸ்வேர்ட் அவனிடம், அவனோ ஊத்துக்குளி பஸ்ஸில். லாரி நிற்க வேண்டியதுதான்.

ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் இந்த மூன்று வரியே போதும், யோசிக்கவே வேண்டாம். பகிர்ந்த பிரிண்டரில் எனக்குப் பிடித்தது இதன் நிதானமான வடிவம்: ஸ்பூலரை நிறுத்தி, மாட்டிக்கொண்ட ஒரே ஒரு ஜோடியை மட்டும் வெளியே நகர்த்திவிட்டு, திரும்ப ஓட விடுவது. ஐந்து நிமிடம் கூடுதலாகும். அவ்வளவுதான்.

அதைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். எதையும் நிறுத்துவதற்கு முன், பிரிண்ட் வரிசை ஜன்னலைத் திறந்து செல்ஃபோனில் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தின் பெயர், அனுப்பியவர், பக்கம், அளவு, அனுப்பிய நேரம் எல்லாம் அதில் வந்துவிடும். நிறுத்திய பிறகு இந்த விவரம் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. அப்புறம் பிரிண்டரை ஸ்விட்சிலேயே அணையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிண்டரின் மெமரியில் பாதி ஆவணம் இன்னும் உட்கார்ந்திருக்கும். அதை வெளியேற்றாமல் அடுத்த பிரிண்டை அனுப்பினால், பக்கத்துக்கு ஒரு வரி என்று புரியாத குறிகளாக அடித்துத் தள்ளும் ஆபத்து இருக்கிறது. டிரேயில் இருக்கும் பேப்பர் எல்லாம் போன பிறகுதான் ஓயும்.

இப்போது `net stop spooler`. நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள:

```
sc query spooler
```

STATE என்ற வரியில் 1 STOPPED என்று இருக்க வேண்டும். பிரிண்டர் மோசமாக மாட்டியிருந்தால் சில நேரம் 3 STOP_PENDING என்றே நிற்கும், நிறுத்தச் சொன்னது கேட்டது, ஆனால் நிற்க முடியவில்லை என்று பொருள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இப்படி முடித்துவிடலாம்:

```
taskkill /F /IM spoolsv.exe
```

இப்படி வலுக்கட்டாயமாக நிறுத்தினால், சர்வீஸ் தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து விண்டோஸ் தானாகவே அதைத் திரும்ப எழுப்பிவிடக்கூடும். ஆகவே மறுபடி `sc query` போட்டுப் பாருங்கள். எழுந்திருந்தால், இப்போது கை காலி என்பதால் `net stop` ஒழுங்காக வேலை செய்யும்.

சர்வீஸ் நின்றதும் PRINTERS ஃபோல்டரைத் திறங்கள். அனுமதி இல்லை என்று கேட்டால் Continue கொடுங்கள். பார்வையை Details-க்கு மாற்றி நேரப்படி அடுக்குங்கள். நம் உதாரணத்தில் நான்கு ஜோடி இருக்கும். 5:24 மணிக்கு எழுதப்பட்ட 00041.SPL மட்டும் 200 எம்பி-யைத் தாண்டி நிற்கும். மற்ற மூன்றும் சில நூறு கேபி, ஒன்றிரண்டு எம்பி. படங்கள் நிறைந்த ஆர்ட்வொர்க் அச்சுக்கு விரியும்போது அப்படி வீங்குவது சகஜம். ஃபோட்டோவில் இருக்கும் நேரத்தோடும் அளவோடும் ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். அளவெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து சந்தேகம் வந்தால், SHD ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் குப்பை எழுத்துதான் தெரியும், ஆனால் நடுவே ஆவணத்தின் பெயரும் அனுப்பியவர் பெயரும் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டது போலக் கண்ணில் படும். பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடிவிட வேண்டும்.

00041.SPL, 00041.SHD இரண்டையும் கட் செய்து டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அழிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், தவறான ஜோடியை எடுத்திருந்தால் சர்வீஸை நிறுத்தித் திரும்ப வைத்துவிடலாம். நகர்த்தும்போது, ஃபைல் Spooler SubSystem App-ல் திறந்திருக்கிறது என்ற செய்தி வந்தால் சர்வீஸ் இன்னும் நிற்கவில்லை, முந்தைய படிக்கே திரும்புங்கள். PRINTERS ஃபோல்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள்; உள்ளே இருப்பதில்தான் நமக்கு வேலை.

பிரிண்டரை ஆன் செய்து அது தயாராகும் வரை பொறுங்கள். அப்புறம் `net start spooler`. வரிசையில் மூன்று பெயர் வரும்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இ-வே பில். அதே வரிசையில் அடித்து வெளியே வரும். தம்பியை பஸ்ஸிலிருந்து இறக்க வேண்டியதில்லை.

ஆர்ட்வொர்க்கை மறுபடி கொடுப்பதற்கு முன் அடோபி ரீடரின் பிரிண்ட் ஜன்னலில் Choose paper source by PDF page size என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, Fit கொடுத்து, பேப்பர் ஏ4 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரிண்டர் மறுபடி லெட்டர் பேப்பர் கேட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆர்ட்வொர்க்கில் அளவு துல்லியம் முக்கியம் என்றால் Fit கூடாது, அது படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும். Actual size கொடுத்து ஓரம் வெட்டுப்படுகிறதா என்று ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பார்க்க வேண்டும்.

கடைசி வழியான பிரிண்டரை நீக்கி டிரைவரைப் புதிதாகப் போடுவதைப் பற்றி. மாட்டிக்கொண்ட ஒரே ஒரு ஆவணத்துக்காக இதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. வரிசையில் ஆவணம் இருக்கும்போது பிரிண்டரை நீக்கச் சொன்னால், அதுவும் ஆவணம் போவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கும். இப்போது மாட்டிக்கொண்டது இரண்டு. நீங்கிவிட்டாலும் ஷேர் அறுந்துபோகும், மூன்று கம்ப்யூட்டரிலும் போய்த் திரும்ப இணைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு சூழ்நிலையில் இதுதான் சரி. ஃபோல்டரைக் காலி செய்து, ஸ்பூலரை ஓட விட்டு, நோட்பேடிலிருந்து ஒரு வரி பிரிண்ட் கொடுத்தாலே ஸ்பூலர் தானாக விழுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈவென்ட் வியூவரில் System பதிவில் 7031 என்ற எண்ணோடு, Print Spooler எதிர்பாராமல் நின்றது என்ற செய்தி மறுபடி மறுபடி வந்திருக்கும். அப்போது கோளாறு ஆவணத்தில் இல்லை, ஸ்பூலருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும் டிரைவரில் இருக்கிறது. பிரிண்டரை நீக்கினால் மட்டும் டிரைவர் போகாது. இதைக் கொடுத்தால் டிரைவர்களின் பட்டியல் திறக்கும்:

```
printui /s /t2
```

அதில் அந்த டிரைவரைத் தேர்ந்தெடுத்து Remove கொடுக்கும்போது, டிரைவரை மட்டும் நீக்குவதா, அதன் பேக்கேஜையும் சேர்த்து நீக்குவதா என்று கேட்கும். பேக்கேஜோடு நீக்குங்கள். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், ஸ்பூலரை ஒரு தடவை நிறுத்தி ஓட விட்டு, வேறு எதுவும் பிரிண்ட் போவதற்குள் உடனே நீக்கிப் பாருங்கள். இந்த வேலையை லாரி கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.